ஓடுகிறவருக்கு நாடித்துடிப்பு ஏன் குறைகிறது?

வியாசர்பாடியில் தினமும் மாலை கால்பந்து ஆடும் இருபது வயதுப் பையனுக்கு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 52 என்று எழுதித் தருகிறார்கள். வீட்டில் கவலை தொடங்கிவிடுகிறது. "எல்லாருக்கும் 72 இருக்கணும்னு சொல்வாங்களே, பையனுக்கு ஹார்ட் வீக்கா இருக்குமோ?" இன்னொரு பக்கம், கையில் ஸ்மார்ட் வாட்ச் கட்டிய நண்பர்கள் யாருடைய எண் குறைவு என்று ஒப்பிட்டுக்கொள்கிறார்கள். 48 வந்தவருக்குப் பெருமை, 66 வந்தவருக்கு வருத்தம். இரண்டு பேச்சிலும் ஒரே குறைதான்: துடிப்பின் எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள், ஒவ்வொரு துடிப்பும் எவ்வளவு ரத்தத்தைத் தள்ளுகிறது என்பதைப் பார்ப்பதில்லை. அந்த இரண்டாவது கணக்கு இல்லாமல் முதல் எண்ணுக்குப் பொருளே கிடையாது.

குடமும் நடையும்

தெருமுனையில் தண்ணி லாரி வந்து நிற்கிறது. வீட்டில் 90 லிட்டர் டிரம்மை நிரப்ப வேண்டும். பத்து லிட்டர் குடம் வைத்திருப்பவர் ஒன்பது நடை நடப்பார். பதினைந்து லிட்டர் குடம் வைத்திருப்பவருக்கு ஆறு நடை போதும். டிரம் அதேதான், தண்ணீர் அதேதான். நடை குறைந்ததால் அவர் சோம்பேறி ஆகிவிடவில்லை.

இதயத்திலும் இந்தக் கணக்குதான். உட்கார்ந்திருக்கும்போது நம் உடலுக்கு நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்த ஓட்டம் தேவை. உடலில் இருக்கும் மொத்த ரத்தமும் ஏறக்குறைய 5 லிட்டர்தான் என்பதால், சும்மா இருக்கும்போதுகூட நிமிடத்துக்கு ஒரு முறை முழு ரத்தமும் ஒரு சுற்று வந்துவிடுகிறது. இதை *நிமிட ஓட்டம்* என்று வைத்துக்கொள்வோம். ஒரு துடிப்பில் இதயத்தின் இடது கீழறை வெளியே தள்ளும் ரத்தத்தின் அளவு *துடிப்பளவு*. குடத்தின் கொள்ளளவு போன்றது இதுதான். ஆக,

நிமிட ஓட்டம் = துடிப்பு எண்ணிக்கை × துடிப்பளவு

பயிற்சி இல்லாத ஒருவருக்குத் துடிப்பளவு ஏறக்குறைய 70 மில்லிலிட்டர். நிமிடத்துக்கு 72 முறை துடித்தால் 5 லிட்டர் ஆகிவிடும். பல வருடங்கள் ஓடிப் பழகியவருக்கு அது 100 மில்லிலிட்டர் இருந்தால் 50 துடிப்பே போதும். இருவருக்கும் ஓய்வில் உடலின் தேவை கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்தக் கால்பந்துப் பையனின் 52-க்குப் பின்னால் இருப்பதும் பெரும்பாலும் இதுதான்.

ஓர் இடத்தில் மட்டும் இந்த உவமை நிற்காது. பிளாஸ்டிக் குடத்தின் அளவு மாறாது. இதயத்தின் அறை நெகிழக்கூடியது. எவ்வளவு ரத்தம் உள்ளே வருகிறதோ அவ்வளவுக்கு விரியும், விரிந்த அளவுக்கு வலுவாகவும் சுருங்கும். அதனால் இதயத்திலிருந்து எவ்வளவு போகும் என்பதை முதலில் முடிவுசெய்வது, இதயத்துக்கு எவ்வளவு திரும்பி வருகிறது என்பதே. பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் இது அடிப்படை.

எழுந்து ஓடத் தொடங்கினால்

ஓட ஆரம்பித்ததும் கால் தசைகளுக்கு ஆக்சிஜன் பல மடங்கு தேவைப்படுகிறது. உடல் அதை மூன்று வழிகளில் சமாளிக்கிறது.

முதல் வழி, துடிப்பைக் கூட்டுவது. இங்கே பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. இதயத்தின் மேல் வலது அறையில் *சைனஸ் முடிச்சு* என்ற சிறிய திசு இருக்கிறது. துடிப்பின் தாளத்தைப் போடுவது அதுதான். எந்த நரம்பின் தலையீடும் இல்லாமல் விட்டால், இளவயதில் அது நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிக்கவைக்கும். மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களிடம் இதை நேரடியாகப் பார்க்கலாம். அறுவை சிகிச்சையில் நரம்புகள் துண்டிக்கப்படுவதால் ஓய்விலேயே அவர்களுடைய துடிப்பு 90, 100 என்று இருக்கும். அப்படியானால் நமக்கு 72 இருப்பது எப்படி? மூளையிலிருந்து இறங்கி வரும் *வேகஸ் நரம்பு* எந்நேரமும் அந்த முடிச்சை அடக்கிப் பிடித்திருக்கிறது. ஓடத் தொடங்கிய நொடியிலேயே அந்தப் பிடி தளர்கிறது. துடிப்பு 100 வரை ஏறுவது பெரும்பாலும் இந்தத் தளர்வினால்தான். அதற்கு மேல் ஏற்றிவிடுவது, அவசர நேரத்தில் உடலை முடுக்கும் சிம்பதெடிக் நரம்புகளும் அட்ரினலினும்.

இரண்டாவது வழி, துடிப்பளவைக் கூட்டுவது. ஓடும்போது கெண்டைக்கால் தசை ஒவ்வொரு முறை இறுகும்போதும் அதனுள் இருக்கும் சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே அனுப்புகிறது. அதிகம் திரும்பி வருவதால் அறை அதிகம் நிரம்புகிறது, அதிகம் தள்ளுகிறது. பயிற்சி இல்லாதவருக்கு இந்த ஏற்றம் நடுத்தர வேகத்திலேயே நின்றுவிடும். அதற்கு மேல் வேகம் கூடினால் துடிப்பு மட்டும்தான் ஏறும். வேகமாக ஓடி முடித்ததும் சட்டென்று அசையாமல் நின்றால் தலை சுற்றுவது ஏன் என்பதும் இதிலிருந்தே விளங்கும். காலில் ரத்தக் குழாய்கள் விரிந்தே இருக்கின்றன, பிழிந்து அனுப்பும் தசை நின்றுவிட்டது, ரத்தம் காலிலேயே தேங்குகிறது. ஐந்து நிமிடம் மெதுவாக நடந்துவிட்டு நின்றால் இது நடக்காது.

மூன்றாவது வழி, இருப்பதைத் திருப்பிவிடுவது. ஓய்வில் 5 லிட்டரில் ஏறக்குறைய ஒரு லிட்டர்தான் தசைகளுக்குப் போகிறது. கடுமையாக ஓடும்போது குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் குழாய்கள் குறுகி, மொத்த ஓட்டத்தில் 80 விழுக்காட்டுக்கு மேல் தசைக்குப் போய்விடும். தசையும் வந்த ரத்தத்திலிருந்து ஓய்வில் எடுப்பதைப்போல் மூன்று மடங்கு ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும். இடியாப்பமும் பாயாவும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஓடினால் வயிறு பிடித்துக்கொள்வதற்கு, குடலும் காலும் ஒரே நேரத்தில் ரத்தம் கேட்பதும் ஒரு காரணம்.

சுருக்கமாக: துடிப்பு 72-இலிருந்து 190 வரை ஏறினால் அது இரண்டரை மடங்கைச் சற்றுத் தாண்டும். துடிப்பளவு ஒன்றரை மடங்கு ஆகும். இரண்டையும் பெருக்கினால் நிமிட ஓட்டம் நான்கு மடங்கு, அதாவது 20 லிட்டர். தசை மூன்று மடங்கு உறிஞ்சுவதையும் சேர்த்தால் உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் பன்னிரண்டு மடங்கு வரை போகும்.

பயிற்சி மாற்றுவது எதை?

மேலே சொன்ன கணக்கில் பயிற்சியால் அசையாத எண் ஒன்று உண்டு: உச்சத் துடிப்பு. ஒருவர் தன் முழு பலத்தில் ஓடும்போது எட்டும் அதிகபட்ச எண்ணிக்கை இது. வயது கூடக்கூட இறங்குமே தவிர, பயிற்சி அதைக் கூட்டாது. சிலருக்கு இரண்டு மூன்று துடிப்பு குறைக்கவும் செய்யும். ஆக, பயிற்சி பெற்றவரின் இதயம் உச்சத்தில் மற்றவரைவிட வேகமாகத் துடிப்பதில்லை. அவருக்குக் கிடைக்கும் கூடுதல் ரத்த ஓட்டம் முழுக்க முழுக்கத் துடிப்பளவிலிருந்து வருகிறது. சர்வதேச அளவிலான நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு உச்சத்தில் நிமிட ஓட்டம் 35 லிட்டர் வரை போவது இதனால்தான்.

துடிப்பளவு எப்படிக் கூடுகிறது? முதலில் மாறுவது இதயம் அல்ல, ரத்தம். ரத்தத்தின் நீர்ப்பகுதி *பிளாஸ்மா*. சில நாட்கள் தொடர்ந்து வியர்க்க வியர்க்கப் பயிற்சி செய்தாலே, சிறுநீரகம் உப்பையும் நீரையும் கூடுதலாகத் தேக்கிவைக்கிறது, ரத்தத்தில் புரதமும் கூடுகிறது, அது நீரை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. ஒன்றிரண்டு வாரத்தில் பிளாஸ்மா பத்து விழுக்காடு அளவுக்குக் கூடிவிடலாம். ரத்தம் கூடினால் திரும்பி வருவது கூடும், அறை நன்றாக நிரம்பும், துடிப்பளவு ஏறும். பயிற்சி தொடங்கிய இரண்டாவது வாரத்திலேயே "அதே ரவுண்டு இப்ப ஈஸியா இருக்கு" என்று தோன்றுவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

இதில் ஒரு சிறு குழப்பமும் வரும். நீர்ப்பகுதி கூடியதால் அந்தச் சமயத்தில் ரத்தப் பரிசோதனை செய்தால் ஹீமோகுளோபின் முன்பைவிடச் சற்றுக் குறைவாகத் தெரியலாம். சிவப்பணுக்கள் குறைந்திருக்காது, நீர்த்திருக்கும். அடுத்த சில வாரங்களில் சிவப்பணுக்களும் கூடி ஈடுகட்டும். ஆனால் குறைவு அதிகமாக இருந்தால், முக்கியமாக மாதவிடாய் அதிகம் போகும் பெண்களுக்கு, அது உண்மையான ரத்தசோகையாகவே இருக்கலாம். அதை நீர்த்த கணக்கில் சேர்த்துவிடக் கூடாது.

இதயம் மாறுவது அதற்குப் பிறகுதான். நாள்தோறும் கூடுதல் ரத்தத்தால் விரிக்கப்படும் இடது கீழறை, மாதக்கணக்கில் தன் உள்ளளவைப் பெரிதாக்கிக்கொள்கிறது. சுவரும் அதற்கேற்பச் சற்றுத் தடிக்கிறது. நன்றாகத் தளர்ந்து விரியும் தன்மையும் கூடுகிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை. இதயம் நன்றாகச் சுருங்குவது மட்டுமல்ல, நன்றாகத் தளர்வதும் சேர்ந்ததுதான் அதன் திறன். தளராத அறை நிரம்பாது.

குறையச் சொல்வது யார்?

துடிப்பளவு கூடிவிட்டது, சரி. அதனால் எண்ணிக்கை குறைய வேண்டும் என்று சைனஸ் முடிச்சுக்குத் தெரிவது எப்படி? பெரும்பாலான விளக்கங்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன.

கழுத்தின் பெரிய தமனிகளிலும் இதயத்திலிருந்து புறப்படும் மகாதமனியிலும் ரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. ஒவ்வொரு துடிப்பும் கூடுதல் ரத்தத்தைத் தள்ளி, எண்ணிக்கையும் முன்புபோலவே இருந்தால் அழுத்தம் ஏற வேண்டும். அந்த ஏற்றத்தை முனைகள் மூளைத்தண்டுக்குச் சொல்கின்றன. மூளைத்தண்டு வேகஸின் பிடியை இறுக்குகிறது, துடிப்பு இறங்குகிறது, அழுத்தம் பழைய இடத்தில் நிற்கிறது. வெகுகாலம் இதுவே முழுக் காரணம் என்று பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன.

ஆனால் அதில் ஓர் ஓட்டை இருந்தது. மருந்து கொடுத்து வேகஸ், சிம்பதெடிக் இரண்டையும் தற்காலிகமாகத் தடுத்துவிட்டுப் பார்த்தாலும், பல ஆண்டு பயிற்சி பெற்றவர்களின் துடிப்பு மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. நரம்பின் பிடி மட்டுமே காரணமென்றால் அந்த வித்தியாசம் மறைந்திருக்க வேண்டும். 2014-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பயிற்சி தரப்பட்ட எலிகளின் சைனஸ் முடிச்சிலேயே மாற்றம் நடப்பதைக் காட்டினார்கள். முடிச்சின் செல்களில் தாளம் போட உதவும் நுண்ணிய வாசல்கள் சில இருக்கின்றன. அவற்றின் வழியாக மின்னேற்றம் கொண்ட அயனிகள் உள்ளே கசிந்து, ஒரு வரம்பை எட்டியதும் அடுத்த துடிப்பு பிறக்கிறது. பயிற்சி பெற்ற எலிகளில் அந்த வாசல்களின் எண்ணிக்கை குறைந்திருந்தது. கசிவு மெதுவானால் வரம்பை எட்ட நேரமாகும், துடிப்புக்கும் துடிப்புக்கும் இடைவெளி நீளும்.

இவற்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்பதில் உடலியலாளர்களிடையே இன்னும் விவாதம் இருக்கிறது. தொடக்க மாதங்களில் நரம்பின் பிடியும், ஆண்டுக்கணக்கில் போனால் முடிச்சின் மாற்றமும் கை கோக்கின்றன என்று எடுத்துக்கொள்வது நியாயமாகப் படுகிறது. "இதயத் தசை பலமாகிவிட்டது, அதனால் மெதுவாகத் துடிக்கிறது" என்ற ஒற்றை வரி விளக்கம் மட்டும் போதாது.

துடிப்பு மெதுவாவதில் இதயத்துக்கே நேரடியான ஆதாயம் ஒன்று உண்டு. இடது கீழறையின் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் அது தளர்ந்திருக்கும் நேரத்தில்தான் கிடைக்கிறது. சுருங்கும்போது தன் குழாய்களைத் தானே நெரித்துக்கொள்கிறது. துடிப்பு குறையும்போது நீள்வது பெரும்பாலும் தளர்வு நேரமே.

பன்னிரண்டு வாரக் கணக்கு ஒன்று

எண்களை வைத்துப் பார்த்தால்தான் தெளியும். எம்.சி. ரோட்டுத் துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் 35 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். எடை 70 கிலோ, இதுவரை பயிற்சி இல்லை, நோய் எதுவும் இல்லை. காலையில் எழுந்ததும் துடிப்பு 76. உச்சத் துடிப்பை 220-இலிருந்து வயதைக் கழித்து 185 என்று கொள்வோம். இந்தச் சூத்திரம் ஒருவருக்கு ஒருவர் பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்பின் போகும். கணக்குக்கு மட்டும்தான் அது.

வாரத்தில் நான்கு நாள், காலை ஐந்தரைக்கு, நாற்பது நிமிடம். முதல் மூன்று வாரம் வேக நடை மட்டும். நான்காவது வாரத்திலிருந்து இரண்டு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை. எட்டாவது வாரத்திலிருந்து அரை மணி நேரம் நிற்காத மெல்லோட்டம், முன்னும் பின்னும் ஐந்து நிமிடம் நடை. கடைசி நான்கு வாரங்களில் ஒரு நாள் மட்டும் மூன்று நிமிடம் வேகமாகவும் மூன்று நிமிடம் நடையாகவும் நான்கு தடவை. மற்ற நாட்களில் பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தைத் தாண்டக் கூடாது. பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். முதல் வாரத்திலேயே நாக்கு தள்ள ஓடிவிட்டு, இரண்டாவது வாரத்தில் முழங்கால் வலியோடு நின்றுவிடுவார்கள். இதயம் வாரக்கணக்கில் பழகிவிடும். தசைநாணும் எலும்பும் பழக மாதக்கணக்காகும்.

தொடக்கத்தில் ஒரு கிலோமீட்டரை ஒன்பது நிமிடத்தில் ஓடும்போது அவர் உடலுக்கு நிமிடத்துக்குச் சுமார் 13.5 லிட்டர் ஓட்டம் தேவை. துடிப்பளவு 90 மில்லிலிட்டரில் நின்றுவிடுவதால் துடிப்பு 150-க்கு ஏறுகிறது. பன்னிரண்டு வாரம் கழித்து அதே தூரம், அதே ஒன்பது நிமிடம். எடை மாறாததால் தேவை அதே 13.5 லிட்டர். ஆனால் துடிப்பளவு இப்போது 100. ஆகவே 135 துடிப்பே போதும். அவருடைய உச்ச ஓட்டம் முன்பு 185 × 90, அதாவது 16.65 லிட்டர். இப்போது 185 × 100, அதாவது 18.5 லிட்டர்.

ஓய்விலோ? முன்பு 66 மில்லிலிட்டர் × 76. இப்போது 72 மில்லிலிட்டர் × 70. ஆறு துடிப்புதான் குறைந்திருக்கிறது. ஓடும்போது பதினைந்து குறைந்தது, படுத்திருக்கும்போது ஆறு. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு மூன்று மாதத்தில் பெரும்பாலும் இந்த மாதிரி அளவில்தான் மாற்றம் வரும். 76-இலிருந்து 50-க்கு வரவேண்டும் என்று எதிர்பார்த்து, 70-ஐப் பார்த்து மனம் விட்டுப்போகிறவர்கள் தவறான எண்ணைப் பார்க்கிறார்கள். முன்னேற்றத்தைக் காட்டும் நல்ல அளவுகோல், ஒரே வேகத்தில் ஓடும்போது துடிப்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதே. ஓய்வுத் துடிப்பு எந்த அளவுக்கு இறங்கும் என்பதில் பிறப்பிலேயே வரும் வித்தியாசமும் சேர்ந்திருக்கிறது. பயிற்சி எதுவும் இல்லாமலே 58 இருப்பவர்கள் உண்டு, நன்றாக ஓடியும் 66-இல் நிற்பவர்கள் உண்டு.

"மனுஷனுக்கு இத்தனை துடிப்புன்னு எழுதியிருக்கு, ஓடினா சீக்கிரம் தீர்ந்துடும்" என்ற நம்பிக்கைக்கும் இந்த எண்களிலேயே பதில் இருக்கிறது. அவர் வாரத்தில் 160 நிமிடம் ஓடுகிறார். ஓய்வைவிட நிமிடத்துக்கு 65 துடிப்பு கூடுதல் என்றால் வாரத்துக்கு 10,400. ஓய்வில் நிமிடத்துக்கு ஆறு குறைந்ததால் வாரத்துக்கு மிச்சம் 60,480. துடிப்புக்கு அப்படியொரு ஒதுக்கீடு எதுவும் கிடையாது. இருந்தாலும்கூட ஓடுகிறவருக்கே லாபம்.

ஜிம்மில் எடை தூக்கினால்?

இங்கே பலருக்குக் கேள்வி வரும். வடசென்னையில் தெருவுக்கு ஒரு ஜிம் இருக்கிறது. நன்றாக எடை தூக்கும் ஒருவர் துடிப்பு எண்ணிப் பார்த்தால் 74 இருக்கும், ஏன்?

கனமான எடையைத் தூக்கும்போது இறுகிய தசைகள் குழாய்களை நெரிக்கின்றன. அந்தச் சில நொடிகள் ரத்த அழுத்தம் மிக உயரமாக ஏறுகிறது. இதயம் எதிர்ப்பை எதிர்த்துத் தள்ளப் பழகுகிறதே தவிர, நிறைய ரத்தத்தை வாங்கி அனுப்பப் பழகுவதில்லை. அறை பெரிதாவதற்கான தூண்டுதல் அங்கே குறைவு, ஓய்வுத் துடிப்பு இறங்குவதும் குறைவு. எடைப் பயிற்சிக்குத் தனிப் பலன்கள் உண்டு, அது வேறு கணக்கு. குத்துச்சண்டைக்காரர்கள் விடியற்காலையில் ரோட்டில் ஓடுவதையும் நீண்ட நேரம் கயிறு தாண்டுவதையும் விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. மூன்று நிமிட ரவுண்டு முடிந்து கிடைக்கும் ஒரு நிமிட இடைவேளையில் மூச்சு இறங்க வேண்டுமென்றால் புஜத்தின் பலம் உதவாது, துடிப்பளவுதான் உதவும்.

விட்டுவிட்டால் என்ன ஆகும்?

1966-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் இருபது வயதை ஒட்டிய ஐந்து ஆரோக்கியமான இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கவைத்து ஆய்வு செய்தார்கள். அவர்கள் உச்சமாக எடுத்துக்கொள்ளக்கூடிய ஆக்சிஜனின் அளவு நான்கில் ஒரு பங்குக்கு மேல் விழுந்துவிட்டது. உச்சத் துடிப்பு ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது. விழுந்தது துடிப்பளவு. படுத்தே இருந்ததில் ரத்தத்தின் அளவு குறைந்து, இதயத்துக்குத் திரும்பி வருவது குறைந்து, அறை நிரம்பாமல் போனது. பிறகு சில வாரப் பயிற்சியில் அது மீண்டது மட்டுமல்ல, தொடக்கத்தைவிடவும் மேலே போனது.

டைபாய்டோ டெங்குவோ வந்து இரண்டு வாரம் படுத்து எழுந்தவர் பழைய வேகத்தில் ஓடிப் பார்த்து "எல்லாம் போச்சு" என்று நினைப்பது இந்தக் காரணத்தால்தான். போனதில் பெரும்பகுதி பிளாஸ்மா. வேகமாகப் போனது, வேகமாகத் திரும்பும். அதற்குள் பழைய வேகத்தைப் பிடிக்க முயல்வதுதான் ஆபத்து. காய்ச்சல் இருக்கும்போதும் அது விட்ட உடனேயும் ஓடக் கூடாது. சில வைரஸ் காய்ச்சல்கள் இதயத் தசையையும் தொடும்.

எண்ணுவது எப்படி, ஏமாறுவது எங்கே

விழித்ததும், எழுந்து உட்காருவதற்கு முன், சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தால் மட்டும் போய்வந்து மறுபடி ஐந்து நிமிடம் படுத்து, எண்ண வேண்டும். இடது உள்ளங்கையைத் திருப்பி, கட்டைவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டுக்கு இறங்கும் எலும்புக்கு உள்பக்கத்தில் ஒரு சிறு பள்ளம் தட்டுப்படும். அங்கே வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெதுவாக வையுங்கள். கட்டைவிரலால் பார்த்தால் அதன் துடிப்பையே எண்ணிவிடுவோம். அழுத்தினாலும் துடிப்பு மறையும். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்குவது வேண்டாம். ஒன்று தவறினால் நான்கு தவறும். முழு நிமிடம் எண்ணுங்கள். ஏழு நாள் எண்ணி, சராசரியை எடுங்கள். ஒரு நாள் எண்ணுக்குப் பெரிய பொருள் இல்லை.

சென்னையில் ஏமாற்றும் முதல் காரணம் வெயிலும் புழுக்கமும். உடலைக் குளிர்விக்கத் தோலுக்கு ரத்தம் போக வேண்டும், வியர்வையில் பிளாஸ்மா குறையும். இரண்டும் சேர்ந்து இதயத்துக்குத் திரும்புவதைக் குறைக்கின்றன. ஜனவரியில் 135-இல் ஓடிய அதே வேகம் மே மாதத்தில் 148 காட்டினால் பயிற்சி வீணாகவில்லை. வேகத்தைக் குறைத்துத் துடிப்பை அதே இடத்தில் வைத்துக்கொள்வதே சரி. ஓட ஓட, வேகம் மாறாமலே கடைசிப் பத்து நிமிடத்தில் துடிப்பு மெல்ல ஏறிக்கொண்டே போவதும் இதே காரணத்தால்தான்.

வழக்கமாக 64 இருக்கும் காலைத் துடிப்பு இரண்டு மூன்று நாள் தொடர்ந்து 72 காட்டினால் தூக்கம் கெட்டிருக்கலாம், காய்ச்சல் வரப்போகலாம், தண்ணீர் போதாமல் இருக்கலாம், பயிற்சி அளவு மீறியிருக்கலாம். அன்றைக்கு வேக ஓட்டம் வேண்டாம். நடையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

குறைந்த துடிப்பு எப்போது நோய்?

பயிற்சியால் குறைந்த துடிப்புக்கு ஓர் அடையாளம் உண்டு: தேவைப்பட்டால் ஏறும். 50 துடிப்பு உள்ள ஓட்டக்காரர் மூன்று மாடி ஏறினால் அது சரசரவென்று 100-ஐத் தாண்டும், உட்கார்ந்ததும் வேகமாக இறங்கும். மயக்கம் இருக்காது, களைப்பு இருக்காது.

இதயத்தின் மின்பாதையில் தடை இருப்பவருக்கு அப்படி அல்ல. மாடி ஏறினாலும் துடிப்பு 45-இலேயே நிற்கும், மூச்சு வாங்கும், கண் இருட்டும். தைராய்டு சுரப்பு குறைந்தவருக்கும் துடிப்பு இறங்கும், கூடவே எடை ஏறும், குளிர் தாங்காது, சோர்வு விடாது. ரத்த அழுத்தத்துக்காக மெட்டோபிரோலால், அட்டெனோலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் துடிப்பு குறைவது மருந்தின் வேலை. அவர்கள் 220 கழித்தல் வயது என்ற சூத்திரத்தையோ வாட்ச் காட்டும் இலக்கையோ நம்பி ஓடக் கூடாது. மருந்து உச்சத்தையும் இறக்கியிருக்கும், அந்த எண்ணை எட்ட முயன்றால் உடலை அளவுக்கு மீறி வருத்த வேண்டிவரும். பேச முடிகிற வேகம் என்ற அளவுகோலே அவர்களுக்குப் பாதுகாப்பு.

ஓடாதவருக்குத் துடிப்பு 50-க்குக் கீழே இருந்தால், அல்லது யாராக இருந்தாலும் குறைந்த துடிப்போடு மயக்கம், நெஞ்சுவலி, காரணமில்லாத மூச்சுத்திணறல் சேர்ந்திருந்தால், ஒரு இ.சி.ஜி. எடுக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்தவர், அல்லது இளவயதில் திடீரென்று இதயம் நின்று யாராவது இறந்த குடும்பத்தைச் சேர்ந்தவர், எத்தனை வருடம் விளையாடியவராக இருந்தாலும் இதயநோய் மருத்துவரைப் பார்த்து எக்கோ எடுத்த பிறகுதான் மறுபடி மைதானத்தில் இறங்க வேண்டும். பயிற்சியால் பெரிதான இதயத்தையும் நோயால் தடித்த இதயத்தையும் நாடித்துடிப்பை வைத்துப் பிரிக்க முடியாது. எக்கோவில் அறையின் உள்ளளவு, சுவரின் தடிமன், தளரும் விதம் மூன்றையும் சேர்த்துப் பார்த்து மருத்துவர் பிரிப்பார். அப்போதும் தெளியவில்லை என்றால் இரண்டு மூன்று மாதம் பயிற்சியை நிறுத்திவிட்டு மறுபடி எக்கோ எடுக்கச் சொல்வார்கள். பயிற்சியால் வந்த தடிப்பாக இருந்தால் அதற்குள் குறையத் தொடங்கியிருக்கும்.